கிளை முறியும் முன்பே விழுந்த பையன்

எங்கள் பள்ளி இதழுக்கு ஒரு மாணவி வரைந்து தந்த படக்கதையில், இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள், வலப்பக்கம் அந்த இரண்டின் உயரத்துக்கும் சேர்த்து ஒரே கட்டம். மேலே பையன் மாமரத்தில் ஏறுகிறான், கீழே கிளை முறிகிறது, வலப்பக்கம் விழுந்து கிடக்கிறான். படிக்கச் சொன்னால், சில பிள்ளைகள் கிளை முறியும் முன்பே அவனை விழவைத்துவிட்டார்கள். வரி படிக்கிற பழக்கத்தில் கண் முதல் கட்டத்திலிருந்து நேரே வலப்பக்கம் தாவிவிடுகிறது.

அம்புக்குறி போடலாம் என்றார்கள். எனக்கு அது பிடிக்காது, படத்துக்கு நடுவே போக்குவரத்துப் பலகை மாதிரி நிற்கும். இடப்பக்கக் கட்டங்களுக்கு இடையே 2 மி.மீ. மட்டும் விட்டு, வலப்பக்கக் கட்டத்துக்கு முன் 6 மி.மீ. விட்டோம். முதல் கட்டத்தில் வலது மேல் மூலையில் இருந்த பேச்சுக் குமிழியைக் கீழ் ஓரத்துக்குக் கொண்டுவந்து, கோட்டைத் தாண்டி இரண்டாம் கட்டத்துக்குள் கொஞ்சம் நீட்டினோம். அதைப் படிக்கிற கண் தானாகவே கீழே இறங்கியது.

கடைசிக் கட்டத்தில் முதலில் பேசும் பாட்டி வலப்பக்கம், பதில் சொல்லும் பையன் இடப்பக்கம். இரண்டு குமிழிகளும் ஒரே உயரத்தில் இருந்ததால் பதில் முந்திக்கொண்டது. உயரமான கட்டம்தானே, பாட்டியின் குமிழியை உச்சிக்கு ஏற்றி, பையனுடையதை நன்றாகக் கீழே இறக்கினோம். குட்டையான கட்டமாக இருந்தால் இது நடக்காது, ஆட்களையே இடம் மாற்றி வரைய வேண்டும். அதனால் இப்போதெல்லாம் பென்சிலில் வசனம் எழுதி, குமிழி போட்டு, அப்புறம்தான் ஆட்களை வரையச் சொல்கிறேன்.