எக்கோ ரிப்போர்ட்ல கன்க்ளூஷன் எழுதறப்போ

ரெஃபர் பண்ண டாக்டர் பெரும்பாலும் கன்க்ளூஷன மட்டும்தான் படிப்பாரு, அதனால மேல இருக்கற அளவையெல்லாம் அங்க திரும்ப கொட்டாதீங்க. உதாரணத்துக்கு 72 வயசுக்காரர், மூச்சு வாங்குதுன்னு அனுப்பியிருக்காங்க, அயோர்ட்டிக் வால்வ் கால்சியம் படிஞ்சு இறுகிக் கெடக்கு, வால்வ் ஏரியா 0.8 சதுர செ.மீ, ஆனா மீன் கிரேடியன்ட் 26 தான், ஈஎஃப் 35%. இத "மாடரேட் ஏஎஸ், எல்வி டிஸ்ஃபங்ஷன், கிளினிக்கல் கோரிலேஷன் தேவை"ன்னு முடிச்சா ரெஃபர் பண்ண டாக்டர் மாத்திரைய எழுதிட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடுவாரு. ஆனா பம்பிங் கம்மியா இருக்கறதாலயே கிரேடியன்ட் சிவியர்னு காட்டற 40ஐ தொடாம இருக்கலாம்.

நான்னா இப்படி எழுதுவேன்: "அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ், சிவியரா இருக்க வாய்ப்பு அதிகம். ஈஎஃப் கம்மியானதால கிரேடியன்ட் குறைவா தெரியலாம். உறுதிப்படுத்த லோ டோஸ் டோபுடமின் எக்கோ, இல்லன்னா சிடி கால்சியம் ஸ்கோர். வால்வ் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட சீக்கிரம் அனுப்பவும்."

முதல்ல முடிவு, அப்புறம் ஏன் சந்தேகம், கடைசில அடுத்த டெஸ்ட், அவ்ளோதான். எல்விஓடி விட்டம் சரியா தெரியலன்னா அதையும் ஒரு வரில சொல்லிடுங்க, அங்க 2 மி.மீ தப்புனாலே ஏரியா நல்லா மாறிடும் (ஸ்கொயர் ஆகுதுல்ல). ஆபரேஷனா டாவியான்னு ரிப்போர்ட்ல முடிவு பண்ண வேணாம், அது பேஷன்ட்ட பாக்கற டீமோட வேலை. பழைய எக்கோ இருந்தா ஈஎஃப் எவ்ளோ இறங்கியிருக்குன்னு தேதியோட போடுங்க.