செகண்ட் ஹேண்ட் கார்: மீட்டர் போட்டோவை எப்படிச் சரிபார்ப்பது?

வேலூர்ப் பக்கம் பழைய கார் தேடுகிறவர்களுக்கு, வண்டிக்கு முன்னால் வந்து சேர்வது மீட்டர் போட்டோதான். வண்டி வாணியம்பாடியில் நிற்கும், வாங்குகிறவர் காட்பாடியில் இருப்பார், பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில் நடக்கும். போட்டோவில் கிலோமீட்டர் கம்மியாக இருந்தால் அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் போய்விடுகிறது. அந்தப் பணத்தை அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்துவிடக்கூடிய சோதனை இது. போனைத் தவிர வேறு கருவி வேண்டாம்.

சத்துவாச்சாரியில் இருக்கும் என் மச்சானுக்கு வந்த ஒரு விளம்பரத்தை வைத்தே சொல்கிறேன். TN 23 நம்பர், 2017 மாடல், பெட்ரோல் ஹேட்ச்பேக். மீட்டர் போட்டோவில் 38420 கி.மீ.

படி 1: போட்டோவை டாக்குமென்ட்டாகக் கேளுங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். எப்போது, எந்த போனில் எடுத்தது என்ற விவரமும் அதில் அழிந்துபோகும். அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வரும். கேலரியில் திறந்து விவரங்களைப் பார்த்தால் எடுத்த தேதியும் நேரமும் தெரியும்.

கோப்பின் பெயரையும் பாருங்கள். பெயர் இந்த மாதிரி இருந்தால் கவனம் வேண்டும்:

```
IMG-20240312-WA0007.jpg
```

WA என்று இருந்தால் அந்தப் படம் ஏற்கெனவே ஒருமுறை வாட்ஸ்அப் வழியாகப் போய்வந்தது என்று அர்த்தம். விற்பவர் தன் கையால் எடுத்த படமாக அது இல்லாமல் இருக்கலாம். புரோக்கர் என்றால் ஓனரிடம் வாங்கி அனுப்பியிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் "இப்பதான் எடுத்தேன் சார்" என்று சொல்லிவிட்டு இந்தப் பெயரில் கோப்பு வந்தால், அந்தப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். விவரத்தில் தெரியும் தேதியையும் மாற்ற முடியும் என்பதால், தேதி சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள்.

படி 2: இந்த மீட்டர் இந்த வண்டியுடையதுதானா?

எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எரிபொருள், மாடல், பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர் என்பதெல்லாம் வரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாஷ்போர்டு படத்தைப் பாருங்கள்.

முதலில், இன்ஜின் சுற்றும் வேகத்தை ஆயிரக் கணக்கில் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர். பெட்ரோல் வண்டியில் அது பெரும்பாலும் 8 வரை இருக்கும், சிவப்புக் கோடு 6-ஐ ஒட்டித் தொடங்கும். டீசலில் 6 அல்லது 7-லேயே முடிந்துவிடும், சிவப்பு 5-க்குப் பக்கத்திலேயே வந்துவிடும். சாவியைத் திருப்பியதும் சுருள்கம்பி போன்ற விளக்கு எரிந்தால் அது டீசல். பெட்ரோல் என்று விளம்பரம் போட்டு டீசல் மீட்டர் படம் வந்தால், அது வேறு வண்டியின் படம். கியர் மாற்றும் வண்டி என்று சொல்லிவிட்டு மீட்டரில் P, R, N, D எழுத்து தெரிந்தாலும் அப்படித்தான்.

அடுத்து, படத்தை கூகுள் லென்ஸில் தேடுங்கள். ஒரே மாடலின் டாஷ்போர்டுகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரிய அடையாளத்தைத் தேடுங்கள்: மீட்டர் கண்ணாடியில் ஒரு கீறல், ஸ்டியரிங் உறையின் தையல், டாஷ்போர்டில் ஒட்டிய ஜலகண்டேஸ்வரர் படம். அதே கீறல் வேறு ஊர் விளம்பரத்திலும் இருந்தால் படம் திருடப்பட்டது. உள்ளே எடுத்த மற்றப் படங்களில் அந்தக் கீறலே இல்லை என்றாலும் படம் இந்த வண்டியுடையது இல்லை.

படி 3: எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்

பல கார்களில், வண்டி மொத்தம் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டரின் எண்கள், பழைய கால்குலேட்டர் போல ஏழு கோடுகளால் ஆனவை. இந்த வகையில் 1 என்ற எண் தன் கட்டத்தின் வலது ஓரத்தில்தான் நிற்கும், அதன் இடப்பக்கம் காலியாக இருக்கும். போனில் எடிட் செய்து எழுதினால் 1 நடுவிலோ முந்தைய எண்ணை ஒட்டியோ வந்துவிடும். கொஞ்சம் சாய்வாக எடுத்த படத்தில் எரியாத கோடுகளும் நிழல்போல மங்கலாகத் தெரியும். மற்ற எண்களைச் சுற்றி அந்த நிழல் இருந்து, ஓர் எண்ணைச் சுற்றி மட்டும் சுத்தமாக இருந்தால் அங்கே கை பட்டிருக்கிறது. கண்ணாடி மேல் இருக்கும் தூசியும் வெளிச்சக் கோடும் எண்ணுக்கு மேலும் தொடர்ந்து போக வேண்டும்.

மங்கல் மட்டுமே சாட்சி ஆகாது. வாட்ஸ்அப் சுருக்கியதாலும் எண்ணைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் தெரியும். சில திரைகளில் எண் பாதி அணைந்த மாதிரிப் பதிவாவதும் உண்டு. கலர் திரை மீட்டரில் எழுத்து சாதாரணமாக இருப்பதால் இந்தச் சோதனை அங்கே உதவாது.

படி 4: டிரிப் மீட்டரோடு கணக்குப் போடுங்கள்

எனக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான். கடைசியாகப் பூஜ்யமாக்கியதிலிருந்து ஓடிய தூரத்தை மட்டும் காட்டுவது டிரிப் மீட்டர். எடிட் செய்கிறவர் கண் பெரிய எண்ணில்தான் இருக்கும், டிரிப் மீட்டரை மறந்துவிடுவார். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு படம் கேளுங்கள், இரண்டிலும் ஓடோமீட்டரும் டிரிப் மீட்டரும் தெரிய வேண்டும். சேர்ந்து தெரியாத மாடல் என்றால், குமிழை அழுத்தி அடுத்தடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

மச்சானுக்கு வந்த முதல் படத்தில் ஓடோ 38420, டிரிப் 412.6. இரண்டாவது படத்தில் ஓடோ 38431, டிரிப் 471.3. டிரிப் கணக்குப்படி வண்டி 58.7 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓடோ கணக்குப்படி வெறும் 11. நடுவில் எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "ஆற்காடு போய்ட்டு வந்தேன் சார், வேற எங்கயும் எடுக்கல" என்றார். வேலூரிலிருந்து ஆற்காடு போய்வந்தால் 11 கி.மீ.யில் முடியாது, டிரிப் சொல்வதுதான் பொருந்துகிறது. திரும்பப் படத்தைப் பெரிதாக்கினோம். 38431-இன் கடைசி 1, பக்கத்து 3-ஐ ஒட்டி நின்றது.

ஓடோமீட்டர் முழுக் கிலோமீட்டரை மட்டும் காட்டுவதால் ஒன்று வரை வித்தியாசம் வரலாம், அது இயல்பு. நடுவில் யாராவது டிரிப்பைப் பூஜ்யமாக்கியிருந்தால் இரண்டாவது எண் சின்னதாக வரும், அப்போது புதிதாக இரண்டு படம் கேட்க வேண்டியதுதான்.

படி 5: வீடியோ காலில் ஒரே ஓட்டமாக

சந்தேகம் இருந்தால் வீடியோ கால் கேளுங்கள். முன் நம்பர் பிளேட்டில் தொடங்கி, கேமராவை நிறுத்தாமல் கதவைத் திறந்து, சாவியைத் திருப்பி, மீட்டரைக் காட்டி, டிரிப்பை நம் கண்முன் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். எடிட் செய்த படத்தால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. நடுவில் கால் கட்டானால் நம்பர் பிளேட்டிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால், படம் நிஜம் என்று தெரியும். மீட்டரையே திருத்தி எண்ணைக் குறைத்திருந்தால் நிஜப் படத்திலும் பொய் எண்தான் இருக்கும். அதற்கு வண்டியை நேரில்தான் பார்க்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிலோமீட்டரைப் பதிவு செய்திருப்பார்கள், ஓனரை வைத்து அந்த விவரத்தை எடுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம், வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் விவரத்தைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால், கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் 38 ஆயிரம் காட்டும்போது அங்கே 61 ஆயிரம் இருந்தால் மீட்டர் திருத்தப்பட்டது. அங்கே குறைவாக இருந்தால் எதையும் முடிவுகட்ட முடியாது, போன மாதம்கூட யாராவது குறியீடுகளை அழித்திருக்கலாம்.