ஏ.எம்.சி. தேர்வும் முழுநேர வேலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லத்திலோ மருந்துக் கடையிலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே, ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சில் நடத்தும் முதற்கட்டப் பல்தேர்வு வினாத் தேர்வுக்குப் படிக்கும் மருத்துவர்கள் எங்கள் வார இறுதிப் படிப்புக் குழுவில் சேரும்போதெல்லாம், அதே சில தவறுகள் மீண்டும் தலைகாட்டுகின்றன. நேரத்தை வீணாக்காதீர்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பன போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படித்தவர்களையே ஏமாற்றும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

## ரீகால் தொகுப்பையே பாடநூலாக்கிக்கொள்வது

முன்பு தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிவைத்த வினாக்களுக்குத்தான் நம்மவர்கள் ரீகால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் மட்டுமே மிஞ்சும் ஒருவருக்கு, நூற்றுக்கணக்கான பக்கங்களில் விடையோடு கிடைக்கும் அந்தக் கோப்பு குறுக்குவழியாகத் தெரிவதில் வியப்பில்லை. தேர்வு வினாக்களை வெளியிடுவதைக் கவுன்சில் தடைசெய்திருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கோப்பு மனத்தில் பதியவைக்கும் பிழையான மருத்துவம்தான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். முப்பத்து நான்கு வயதுப் பெண், நோய்க்குறி எதுவுமில்லை, வழக்கமான பரிசோதனையில் குறைந்த நிலைச் செல் மாற்றம் தெரிகிறது, அடுத்து என்ன செய்வீர்கள்? இந்த வினா ஏறக்குறைய எல்லாத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால், ஒன்றில் "பாப் ஸ்மியரைத் திரும்பச் செய்க" என்றும், இன்னொன்றில் "கால்போஸ்கோபிக்கு அனுப்புக" என்றும், மற்றொன்றில் "12 மாதத்தில் எச்.பி.வி. பரிசோதனை" என்றும் விடை இருக்கும். குழுவில் எது சரி என்று வாதிட்டு, கடைசியில் அதிகம் பேர் சொன்னதையே எழுதிவைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், நாட்டின் நெறிமுறையே இடையில் மாறியதுதான். 2017 டிசம்பர் 1 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் எடுத்தார்கள். அதன் பின் 25 முதல் 74 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை என்றானது. இப்போது முதலில் பார்ப்பது வைரஸைத்தான். 16 அல்லது 18 வகை இருந்தால், செல்களின் நிலை எதுவானாலும் நேரே கால்போஸ்கோபி. புற்றுநோயைத் தூண்டும் வேறு வகை இருந்தால், அதே மாதிரியில் பார்க்கும் செல்களின் நிலைதான் அடுத்த படியைத் தீர்மானிக்கிறது. மாற்றம் இல்லை அல்லது குறைந்த நிலை மாற்றமே என்றால் 12 மாதம் கழித்து மறுபடி எச்.பி.வி. பரிசோதனை, உயர்நிலை மாற்றம் என்றால் கால்போஸ்கோபி. அந்த 12 மாதப் பரிசோதனையிலும் அதே வேறு வகை வைரஸ் இருந்தால், 2021 பிப்ரவரிக்கு முன் கால்போஸ்கோபிக்கு அனுப்பினார்கள். அந்த மாதம் வந்த மாற்றத்துக்குப் பின், செல் மாற்றம் குறைந்த நிலையைத் தாண்டாத பெரும்பாலான பெண்களுக்கு இன்னும் 12 மாதம் காத்திருந்து மூன்றாம் முறை பார்க்கிறார்கள். ஆக, தொகுப்பில் உள்ள விடைகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். கோப்பில் ஆண்டு குறிக்கப்படாததால், எது எந்தக் காலத்துக்கு உரியது என்று படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

இதில் நேரும் இழப்பை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதியோர் இல்லத்தில் பணியாற்றிய ஒரு தம்பி, தேநீர் இடைவேளைகளில் கைபேசியில் தொகுப்பைப் படித்தே அதைப் பலமுறை முடித்தவர். வினாவின் முதல் வரியைச் சொன்னால் விடையைச் சொல்லிவிடுவார். "அந்தப் பெண் மாதிரியைத் தானே எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன செய்வீர்கள், தம்பி?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. 2022 ஜூலையிலிருந்து அந்த வசதி எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அப்படி எடுத்த மாதிரியில் வைரஸைக் கண்டறியலாமே தவிர, கருப்பை வாய்ச் செல்களைப் பார்க்க முடியாது. ஆகவே வேறு வகை வைரஸ் இருந்தால் அவரைத் திரும்ப அழைத்து, மருத்துவர் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். பரிசோதனை ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று புரிந்தவருக்கு இது யோசித்துச் சொல்லக்கூடிய விடை. அந்தத் தம்பி தேர்ச்சிக்குரிய 250 மதிப்பெண்ணைத் தொடவில்லை. கட்டணமும் போயிற்று, பல மாதமும் போயிற்று.

தேர்வின் அமைப்பும் மனப்பாடத்துக்கு எதிரானது. நீங்கள் அளிக்கும் விடைகளைப் பொறுத்துக் கணினி அடுத்த வினாவின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. ஆகையால் உங்களுக்கு வரும் தாளும் அடுத்த இருக்கையில் இருப்பவருக்கு வரும் தாளும் ஒன்றல்ல. தெரிந்த வினா என்று நினைத்து நீங்கள் குறிக்கும் விடை, வயதோ வைரஸ் வகையோ மாறியிருக்கும் வேறொரு வினாவுக்கு உரியதாக இருக்கக்கூடும்.

தொகுப்பைத் தொடவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அதிலிருந்து தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், விடையை எடுக்காதீர்கள். தலைப்புக்குரிய இன்றைய நெறிமுறையை மூலத்திலேயே படியுங்கள். கருப்பை வாய்ப் பரிசோதனைக்குத் தேசிய வழிகாட்டியும், குழந்தை மருத்துவத்துக்கு மெல்போர்ன் ராயல் குழந்தைகள் மருத்துவமனையின் நெறிமுறைகளும், தடுப்பூசிக்கு ஆஸ்திரேலியத் தடுப்பூசிக் கையேடும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படித்து முடித்தபின் வினாவில் ஒரு செய்தியை மாற்றிப் பாருங்கள்: வயது 22 என்றால்? மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு இருந்தால்? விடை மாறுமா, ஏன் மாறும் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தத் தலைப்பு இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. ஒரு மாலையில் இப்படி மூன்று தலைப்புகள் முடிந்தாலே போதும். வேலைக்குப் போகிறவருக்கு அதுவே நல்ல வேகம்.

## பேருந்தில் பத்துப் பத்தாகப் பயிற்சி செய்வது

வேலைக்குப் போகும் வழியில் பத்து வினா, வரும் வழியில் பத்து வினா என்று ஒவ்வொன்றுக்கும் உடனே விடையைப் பார்த்துக்கொண்டு பயிற்சி செய்வது படிப்பதற்கு உதவும். தேர்வுக்கு உடலைப் பழக்காது. அங்கே மூன்றரை மணி நேரத்தில் 150 வினாக்கள், அதாவது ஒன்றுக்குச் சராசரியாக 84 விநாடி. அவற்றில் 30 வினாக்களுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் எவை அவை என்று தெரியாது. ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிப்போய் விடையை மாற்ற முடியாது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

விடுமுறை நாளொன்றில், காலையில், திரும்பிப் பார்க்காமல் 150 வினாக்களை ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள். முதல் ஐம்பதிலும் கடைசி ஐம்பதிலும் உள்ள தவறுகளைத் தனித்தனியே எண்ணுங்கள். கடைசியில் மட்டும் தவறு பெருகினால், அங்கே குறை அறிவில் இல்லை. களைப்பிலும் வேகத்திலும் இருக்கிறது. அதற்கு இன்னொரு முறை பாடம் படிப்பதால் பயனில்லை. இத்தகைய முழு நீளப் பயிற்சியைத்தான் கூட்ட வேண்டும்.

## இரவுப் பணி முடித்துத் தேர்வு மையத்துக்குப் போவது

வேண்டாம். தேர்வுத் தேதி உறுதியான அன்றே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். பணிப் பட்டியல் வெளிவந்தபின் மாற்றித்தர யாரும் இருக்க மாட்டார்கள்.

## பட்டச் சரிபார்ப்பைத் தள்ளிப்போடுவது

உங்கள் கல்லூரி பதில் அனுப்ப எடுக்கும் காலம் உங்கள் கையில் இல்லை. முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

## ஆங்கிலத் தேர்வை முதலிலேயே முடித்துவிடுவது

பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவ வாரியம் பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் பெற்ற மதிப்பெண்ணையே ஏற்கிறது. பல்தேர்வு வினாத் தேர்வு, அடுத்துச் செயல்முறைத் தேர்வு, பிறகு வேலை தேடல் என்று வேலைக்குப் போகிறவருக்கு அதைவிட நீண்ட காலம் ஆகிவிடுவதுண்டு. எனவே பல்தேர்வு வினாத் தேர்வில் தேர்ச்சி பெற்றபின் ஆங்கிலத் தேர்வு எழுதுவதே நல்லது.