வாடகை ஃப்ளாட்டுக்குக் காப்பீடு: எதற்கு எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது?

வீட்டுக் காப்பீட்டுப் படிவத்தைத் திறந்ததும் "கட்டடமா, உடைமைகளா, இரண்டுமா?" என்று கேட்பார்கள். "இரண்டும்" என்று தட்டிவிடத்தான் கை போகும். வாடகைக்கு இருப்பவர் அதைத் தட்டக் கூடாது. கட்டடம் இடிந்தால் பண இழப்பு உரிமையாளருக்கு. உங்களுக்கு அதில் இழப்பு இல்லை என்றால் நிறுவனம் உங்களுக்கு ஈடு தராது. கட்டிய பிரீமியம் வீண். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு உங்களால் சேதம் வந்தால் கதை வேறு. அதை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

படி 1: பொருள்களைப் பிரியுங்கள்

ஃப்ளாட்டை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் கீழே விழுபவை உடைமைகள், ஒட்டிக்கொண்டு நிற்பவை கட்டடம். ஒரு குத்துமதிப்புக்கு இது போதும். வாடகை வீட்டில் மட்டும் இரண்டு இடங்களில் இந்தக் கணக்கு இடிக்கும்.

முதலாவது, ஃபர்னிஷ்டு வீடு. உரிமையாளர் கொடுத்த கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் கவிழ்த்தால் விழும்தான், ஆனால் உங்களுடையவை அல்ல. அவற்றுக்கு அவர்தான் காப்பீடு எடுக்க வேண்டும். இரண்டாவது, நீங்கள் காசு போட்டுச் சுவரில் பொருத்திய அலமாரி, ஏசி போன்றவை. விழாது, ஆனால் உங்களுடையவை. படிவத்தில் "குடியிருப்பவர் செய்த மேம்பாடுகள்" என்று தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றையும் உடைமைகளில் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகைக்குக் குடிவந்தபோது கையெழுத்துப் போட்ட பொருள் பட்டியல் இருந்தால், எது யாருடையது என்ற வாக்குவாதமே வராது.

படி 2: உரிமையாளரிடம் கேளுங்கள்

கட்டடத்துக்கு நடப்பில் பாலிசி இருக்கிறதா? சேதம் குடியிருப்பவரின் கவனக்குறைவால் வந்தால், ஈட்டுத் தொகையை அவரிடம் திரும்ப வசூலிக்க மாட்டோம் என்ற பிரிவு அதில் உண்டா? இந்த இரண்டும் போதும்.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. உரிமையாளருக்குப் பணம் கொடுத்த நிறுவனம், சேதத்துக்குக் காரணமானவரிடம் அதை வசூலிக்கும் உரிமையைப் பெறுகிறது. "ஓனர்கிட்ட பாலிசி இருக்கு, நமக்கென்ன" என்று இருப்பவர் வீட்டுக்கு நோட்டீஸ் வருவது இப்படித்தான்.

ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் ஹோஸில் விரிசல் விட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அதன் மேல் ஒட்டும் டேப்பைச் சுற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். அது பிய்த்துக்கொண்டு, மாலை வரை தண்ணீர் ஓடியிருக்கிறது. உங்கள் சோஃபாவும் கணினியும் நனைந்தன: அது உங்கள் உடைமைப் பாலிசி. மரத்தளம் உப்பிவிட்டது: உரிமையாளரின் கட்டடப் பாலிசி கொடுக்கும், பிறகு உங்களிடம் கேட்கலாம். கீழ் வீட்டின் கூரைப் பூச்சும் அவர்களுடைய டிவியும் போயின: அவர்களோ அவர்களின் நிறுவனமோ உங்களைத்தான் கேட்பார்கள்.

கடைசி இரண்டையும் தாங்குவது "பொறுப்புக் காப்பீடு" என்ற பகுதி. கட்டடத்தை நீங்கள் காப்பீடு செய்ய முடியாது, கட்டடத்துக்கு உங்களால் வரும் பொறுப்பைச் செய்யலாம். என்னைக் கேட்டால், வாடகைக்கு இருப்பவருக்கு நகை, டிவியை விட முக்கியமானது இதுதான். உங்கள் பொருள்கள் எல்லாம் போனாலும் இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. நான்கு வீடுகளுக்குத் தீ பரவினால் எல்லை இல்லை. பிரான்சில் குடியிருப்பவர் வாடகை வீட்டுக்கான பொறுப்பைக் காப்பீடு செய்வது சட்டப்படி கட்டாயம். உங்கள் ஊரில் கட்டாயம் இல்லாவிட்டாலும், இந்தப் பகுதி இல்லாத மலிவுப் பாலிசியை எடுக்காதீர்கள். "வாடகை வீட்டுக்கு ஏற்படுத்தும் சேதம்", "மூன்றாம் நபருக்கு ஏற்படுத்தும் சேதம்" இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாவது மட்டும் இருக்கும் பாலிசிகளும் உண்டு.

படி 3: தொகையைக் கணக்கிடுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். எல்லோரும் இடறுவதும் இங்கேதான்.

பிரீமியம் குறையட்டும் என்று தொகையைக் குறைத்துப் போடுவார்கள். "எல்லாமே ஒரே நேரத்தில் போய்விடவா போகிறது? பாதிக்குப் போட்டாலும் சின்ன இழப்புக்கு முழுசா கிடைக்குமே" என்பது கணக்கு. பல பாலிசிகளில் அப்படிக் கிடைக்காது. வீட்டில் இருக்கும் பொருள்களின் உண்மையான மதிப்பு 10 லட்சம், நீங்கள் போட்டது 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரால் 2 லட்சத்துக்குச் சேதம். மதிப்பில் 60 சதவீதத்துக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள் என்பதால், இழப்பிலும் 60 சதவீதம், அதாவது 1.2 லட்சம்தான் வரும். அதிலும் நீங்களே ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகையைக் கழிப்பார்கள். பாலிசியில் "விகிதாசாரம்" அல்லது "சராசரி" என்ற சொல் கண்ணில் பட்டால் இந்த விதி இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, எந்த மதிப்பு? ஐந்து வருடம் ஓடிய கணினிக்குத் தேய்மானம் கழித்த மதிப்பைத் தரும் பாலிசி உண்டு, புதிதாக வாங்கும் விலையைத் தரும் பாலிசியும் உண்டு. பின்னதற்குப் பிரீமியம் கொஞ்சம் கூடும். நான் பின்னதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் தேய்மானம் கழித்த பணத்தில் போன பொருள்களை மறுபடி வாங்க முடியாது. எதை எடுத்தாலும், பட்டியல் போடும் மதிப்பும் அதே அடிப்படையில் இருக்க வேண்டும். புது விலைப் பாலிசிக்குப் பழைய விலையைப் போட்டால் மேலே சொன்ன வெட்டு விழும்.

பட்டியலுக்கு ஆப் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட், பொருள், இன்றைய புது விலை என்று இரண்டு நெடுவரிசை போதும். பெரிய பொருள்களை யாரும் மறப்பதில்லை. துணிமணி, பாத்திரம், புத்தகம், படுக்கை, திரைச்சீலை ஆகியவற்றைத்தான் விட்டுவிடுவார்கள், கூட்டிப் பார்த்தால் டிவியைத் தாண்டும். பிறகு அலமாரிக் கதவுகளைத் திறந்தபடி வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து, மின்னஞ்சலிலோ கிளவுடிலோ போட்டு வையுங்கள். போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும்.

நகை, கேமரா போன்றவற்றுக்கு ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டுபவற்றைத் தனியாக, பில்லோடு பதிவு செய்ய வேண்டும்.

படி 4: விலக்குகளைப் படியுங்கள்

பாலிசி முழுவதையும் படிக்க முடியாவிட்டாலும் விலக்குப் பக்கத்தை விடாதீர்கள். நாளாவட்டத்தில் கசிந்து ஊறிய ஈரம், பூட்டை உடைத்த அடையாளம் இல்லாத திருட்டு, பல வாரம் பூட்டிக் கிடந்த வீடு ஆகியவற்றில்தான் க்ளெய்ம் அதிகம் மறுக்கப்படும். பூட்டிக் கிடக்கும் நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி மாறும், நீண்ட பயணத்துக்கு முன் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை

நண்பர்களோடு பகிர்ந்து இருப்பவர்கள் பலர், ஒரு பாலிசி எல்லோருக்கும் போதுமா என்று கேட்டிருந்தார்கள். பெயர் சேர்க்கப்படாத அறைத் தோழரின் பொருள்களுக்குப் பொதுவாக ஈடு கிடையாது. குடும்பத்துக்குக் கிடைக்கும் சலுகை அவருக்கு இல்லை. சேர்ந்து எடுப்பதை விட ஆளுக்கொன்று எடுப்பதே நல்லது, ஒருவர் காலி செய்து போகும்போது பாலிசியை உடைக்க வேண்டியிருக்காது. ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது உங்கள் சொத்து அல்ல, எனவே பட்டியலில் போடாதீர்கள். தொலைந்தால் யார் பொறுப்பு என்று அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.