99 விழுக்காடு துல்லியம்: எழுத்துணரி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தமிழ் நூல்களை மின்னுரையாக்க நினைக்கும் நூலகங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் வரும் விலைப்புள்ளிகளில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: “எங்கள் ஓசிஆர் தமிழுக்கு 99 விழுக்காடு துல்லியம் தரும்.” படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளைத்தான் ஓசிஆர் என்கிறோம். அந்த வரியைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது பெரும்பாலும் எங்கோ, எதையோ வைத்து உண்மையாகவே அளக்கப்பட்ட எண்ணாக இருக்கும். எந்தப் பக்கங்களை வைத்து அளந்தார்கள், எதைப் பிழை என்று எண்ணினார்கள் என்ற இரண்டும் தெரியாதவரை, நம் அலமாரியில் இருக்கும் நூல்களுக்கு அந்த எண்ணால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முதல் தவறு, எதை எதால் வகுத்து அந்த விழுக்காடு வந்தது என்று கேட்காமல் விடுவது. ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். அச்சில் இருப்பது இது:

கணக்கர் பெறும் பணம் ஏழு ரூபாய்

எழுத்துணரி தருவது இது:

கணக்கர் பெறும் பணம் எழு ரூபாய்

‘ஏ’யின் அடிக்கோடு அச்சில் மங்கியதால் அது ‘எ’ ஆகிவிட்டது. வேறு பிழை இல்லை. யூனிகோடில் ‘பெ’ என்பது பகரமும் ஒற்றைக்கொம்புமாக இரண்டு குறிகள், ‘ம்’ என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். அப்படி எண்ணினால் இந்த வரியில் 26 குறிகளும் 4 இடைவெளிகளும் சேர்ந்து 30 வருகின்றன. முப்பதில் ஒன்று பிழை என்றால் துல்லியம் 96.7 விழுக்காடு. நாம் பள்ளியில் படித்தபடி ‘பெ’யையும் ‘ம்’மையும் ஒவ்வோர் எழுத்தாகக் கொண்டு, இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் 20 வரும், துல்லியம் 95. இடைவெளிகளை விட்டால் 16 எழுத்துகள், துல்லியம் 93.75. சொற்களாக எண்ணினால் ஐந்தில் ஒன்று பிழை, துல்லியம் 80. ஒரே வரி, ஒரே பிழை, நான்கு வெவ்வேறு எண்கள். விற்பவர் இவற்றில் எதைத் துண்டறிக்கையில் போடுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் போட்ட எண்ணும் தவறானதல்ல என்பதால் பிறகு வாதிட்டும் பயனில்லை. முன்பே கேட்டிருக்க வேண்டும்.

குறிகளை எண்ணி வந்த 99 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் 2000 குறிகள் இருந்தால் அதில் 20 பிழைகள். 300 பக்க நூலில் 6000. தமிழ்ச்சொல் நீளமானது என்பதால், சொல் கணக்கில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். இடைவெளியோடு சராசரியாக எட்டுக் குறிகள் ஒரு சொல்லுக்கு என்று கொண்டால் அந்தப் பக்கத்தில் 250 சொற்கள். பிழைகள் சிதறிக் கிடந்தால் அவற்றில் 20, அதாவது 8 விழுக்காடு, கெட்டுப்போயிருக்கும். பன்னிரண்டு சொற்களுக்கு ஒன்று பிழையான நூலை யாரும் அப்படியே வெளியிட மாட்டார்கள். ஆக, மெய்ப்புப் பார்க்கும் செலவு எங்கும் போகவில்லை. விலைப்புள்ளியில் வராமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு, எல்லாப் பிழையும் ஒரே எடை உள்ளவை என்று நினைப்பது. இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மெய்ப்புப் பார்ப்பவரின் உழைப்பு பிழையின் எண்ணிக்கையைவிட அதன் வகையைப் பொறுத்தே கூடுகிறது அல்லது குறைகிறது. மேலே சொன்ன வரியை இன்னோர் எழுத்துணரி இப்படித் தருகிறது என்று கொள்வோம்:

கணக்கர பெறும பணம ஏழு ரூபாய்

மூன்று புள்ளிகள் விழுந்துவிட்டன. முப்பதில் மூன்று பிழை. துல்லியம் 90 விழுக்காடுதான். ஆனால் ‘கணக்கர’, ‘பெறும’, ‘பணம’ மூன்றும் பார்த்தவுடனே உறுத்துகின்றன. சொற்பிழை திருத்தியும் அவற்றை அடிக்கோடிட்டுக் காட்டும். மூலப்படத்தைத் திறக்காமலே திருத்திவிடலாம். 96.7 பெற்ற முதல் வடிவத்தில் இருப்பதோ ‘எழு’. அது நல்ல தமிழ்ச்சொல். சொற்பிழை திருத்தி அதைத் தாண்டிப் போகும், களைத்த கண்ணும் தாண்டிப் போகும், கணக்கரின் சம்பளம் காணாமல் போகும். கூடுதல் மதிப்பெண் பெற்ற வெளியீடே கூடுதல் கேடு செய்திருக்கிறது.

தமிழில் இப்படி ஒரு கோடோ புள்ளியோ மாறினாலும் வேறொரு சரியான சொல்லாகிவிடும் சொற்கள் ஏராளம்: பல், பல, மனம், மணம், பனி, பணி, கொள், கோள், பெறும், பெரும். காகிதத்தில் ஒரு தூசு விழுந்தால் புள்ளி முளைக்கும், மை மங்கினால் புள்ளி மறையும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இன்றைய எழுத்துணரிகள் ஒவ்வோர் எழுத்தையும் தனியே வெட்டிப் பார்ப்பதில்லை. வரியை முழுதாகப் படித்து, பயிற்சியில் அடிக்கடி கண்ட எழுத்துத் தொடர்களின் பழக்கத்தையும் சேர்த்தே முடிவு செய்கின்றன. அதனால் வழக்கமான சொற்களை மங்கலான அச்சிலும் சரியாகப் பிடிக்கின்றன. அரிதான ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் பழைய எழுத்துக்கூட்டலையும் பழக்கமான வேறொன்றாக மாற்றி எழுத வாய்ப்பிருக்கிறது. ‘ஒரு’, ‘என்று’, ‘அந்த’ போன்ற சொற்கள் எல்லாப் பக்கத்திலும் நிறைந்திருப்பதால் அவை சரியாக வந்தாலே சராசரி உயர்ந்துவிடும். ஆனால் மின்னுரையில் தேட வருபவர் ‘என்று’ என்பதைத் தேடுவதில்லை, பெயரைத் தேடுகிறார். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகம் 1992 முதல் 1996 வரை ஆண்டுதோறும் எழுத்துணரிகளைச் சோதித்தபோதே, இத்தகைய பொதுச்சொற்களை நீக்கிவிட்டு மற்றச் சொற்களின் துல்லியத்தைத் தனியாக அளந்து வெளியிட்டது. அந்தத் தனி எண்ணை நாமும் கேட்டு வாங்க வேண்டும்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய நூல்கள் பலவற்றில் ஆண்டும் பக்க எண்ணும் செய்யுள் எண்ணும் தமிழ் எண்களிலேயே இருக்கும். ௧ என்பதற்கும் ககரத்துக்கும், ௨ என்பதற்கும் உகரத்துக்கும், ௭ என்பதற்கும் எகரத்துக்கும், ௮ என்பதற்கும் அகரத்துக்கும் வடிவில் வேறுபாடு இல்லை எனலாம். ௧௮௭௮ என்று அச்சிட்ட ஆண்டு ‘கஅஎஅ’ என்று வந்து நிற்கும். 2000 குறிகள் உள்ள பக்கத்தில் இது நான்கே பிழை, துல்லியம் 99.8, ஆனால் 1878 என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது.

மூன்றாவது தவறு, சோதனைப் பக்கங்களைப் பார்க்காமல் ஒப்பந்தம் போடுவது. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது 1978இல். அதற்கு முன் அச்சான பெரும்பாலான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா முதலியவை துணைக்கால் இல்லாமல் சுழித்த வடிவோடும் இருக்கும். இல்லை, விலை, தலை, அவனை என்று இவை வராத பத்தியே கிடையாது. இன்றைய கணினி எழுத்துருக்களில் உரையை அச்சிட்டு, அந்தப் படங்களையே பயிற்சிக்கும் சோதனைக்கும் பயன்படுத்திய ஓர் எழுத்துணரி, இந்த வடிவங்களை ஒருமுறைகூடக் காணாமலே 99 வாங்கியிருக்க முடியும். உங்கள் நூலகத்தில் 1978க்கு முந்தியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே அந்த எண் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது புரிந்துவிடும்.

சோதனையில் முழுப் பக்கத்தைக் கொடுத்தார்களா, முன்பே வெட்டிய வரிகளைக் கொடுத்தார்களா என்பதும் கேட்க வேண்டியது. பழைய அகராதிகளும் இதழ்களும் இரண்டு பத்திகளாக அச்சானவை. எழுத்துணரி இரண்டு பத்திகளையும் குறுக்கே ஒரே வரியாகப் படித்தால், ஒவ்வோர் எழுத்தும் சரியாக இருந்தும் உரை உளறலாகிவிடும். செய்யுளுக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் உரையும் அடிக்குறிப்பும் இடையில் புகுந்துவிடும், ஒரு வரி முழுதாக விழுந்துவிடும். வெட்டிய வரிகளை வைத்துச் சோதித்தவருக்கு இந்தப் பிழைகள் எதுவும் தெரியவே தெரியாது. “படிக்க இயலாத பக்கங்கள் நீங்கலாக” என்ற சிறு குறிப்பு இருந்தால், நீங்கியவை எத்தனை என்பதும் அவசியம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குறைந்த எண் எப்போதும் மோசமான மென்பொருளைக் குறிக்காது. பழைய ‘லை’யை ஒவ்வொரு முறையும் ஒரே தவறான வடிவமாகப் படிக்கும் எழுத்துணரியின் துல்லியம் 95க்குக் கீழே போகலாம், ஆனால் அந்தத் தவறான வடிவம் வேறெங்கும் வராத கோர்வையாக இருந்தால், தேடி மாற்றும் ஒரே கட்டளையில் ஆயிரக்கணக்கான பிழைகள் சரியாகிவிடும். ஒழுங்கான பிழை மலிவானது. சிதறிய பிழைக்குத்தான் ஆள் உட்கார வேண்டும்.

ஆகவே சோதனையை நாமே செய்வது நல்லது, அது பெரிய வேலையும் அன்று. தெளிவான பக்கங்களை யாரும் பொறுக்கி எடுக்காதபடி, தேர்ந்த இருபது நூல்களிலும் 37ஆம் பக்கம் என்பதுபோல் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை, பொருளகராதி, இரண்டு பத்திப் பக்கங்கள் அதில் வராவிட்டால் தனியே சேருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் தட்டச்சு செய்து, வேறுபடும் இடங்களை மூலத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கட்டும். பழைய எழுத்துக்கூட்டலை யாரும் ‘திருத்த’க் கூடாது. விற்பவரிடம் படங்களை மட்டும் கொடுத்து, வரும் உரையை இந்தப் படியோடு ஒப்பிடுங்கள்.

முடிவைச் சராசரியாக வாங்காமல் பக்கம் பக்கமாக வாங்குங்கள். ஒரே அளவுள்ள இருபது பக்கங்களில் பதினெட்டு 99.8ஆகவும் இரண்டு 91.8ஆகவும் இருந்தாலும் சராசரி சரியாக 99தான் வரும். அந்த இரண்டும் பொருளகராதிப் பக்கங்கள் என்றால் நூலைத் தேடும் வழியே அடைபடுகிறது. கூடவே, எந்த எழுத்து எந்த எழுத்தாக எத்தனை முறை மாறியது என்ற பட்டியலையும், பிழைகளில் எத்தனை வேறொரு சரியான சொல்லாக முடிந்தன என்ற கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். மெய்ப்புக்கு எத்தனை ஆள், எத்தனை மாதம் என்பதை இந்த இரண்டும் காட்டும் அளவுக்கு எந்த விழுக்காடும் காட்டாது. ஒப்பந்தத்திலும் “99 விழுக்காடு” என்று மட்டும் எழுதாமல், எந்த அலகில் எண்ணுவது, இடைவெளி சேருமா, விழுந்த வரி எப்படிக் கணக்காகும், எண்களுக்குத் தனி வரம்பு என்ன, சோதனைப் பக்கங்களை யார் தேர்வது என்ற ஐந்தையும் சேர்த்து எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.