பத்து மாட்டுப் பண்ணைக்கு ஐம்பது பக்கத் திட்டம் வேண்டுமா?

பால் பண்ணை தொடங்க நினைப்பவர்கள் பலர் முதலில் போய் நிற்பது ஆடிட்டர் அலுவலகத்திலோ, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தருபவரிடமோதான். சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஐந்து வருட வரவு செலவு, கடன் திருப்பும் அட்டவணை, வண்ணப் படங்கள் என்று கனமான ஒரு கோப்பு கைக்கு வந்துவிடும். அதைப் படித்ததும் தொழில் நடந்துவிடும் என்ற நம்பிக்கையும் வந்துவிடும். முதல் தவறு இதுதான். அந்தக் கோப்பு, கடனைத் திருப்பிக் கட்ட முடியும் என்று வங்கிக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டது. முடியுமா முடியாதா என்று யாரும் விசாரித்து எழுதியது அல்ல.

அப்படி விசாரிப்பதுதான் சாத்தியக்கூறு ஆய்வு. அது கேட்பது ஒரே கேள்வி: இந்த இடத்தில், இந்தத் தண்ணீரில், இந்த விலைக்கு, இந்த ஆட்களை வைத்துப் பால் கறந்தால் கையில் ஏதாவது நிற்குமா? அந்தக் கோப்பு போன்ற வணிகத் திட்டம் அதற்கு அடுத்த படி. நிற்கும் என்று தெரிந்த பிறகு பணம் எங்கிருந்து வரும், எந்த மாதம் எத்தனை மாடு வாங்குவது, யார் எதைப் பார்ப்பது, பாலை யாரிடம் எப்படி விற்பது என்று எழுதுவது. ஆய்வு ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். வணிகத் திட்டம் அப்படிச் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

தரகர் சொல்லும் லிட்டரை 365 ஆல் பெருக்குவது

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஈரோடு மாவட்டத்தில் பவானிக்குப் பக்கம் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு போர்வெல் இருக்கிறது, பத்து கலப்பினக் கறவை மாடு வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரகர் ‘பதினைந்து லிட்டர் மாடு’ என்கிறார். ஆவின் 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்ததில் பசும்பால் கொள்முதல் லிட்டருக்கு 38 ரூபாய் ஆனது. அந்த விலையையே வைத்தால், பத்து மாடு × 15 லிட்டர் × 365 நாள் × 38 ரூபாய். வருடத்துக்கு ஏறக்குறைய 20.8 லட்சம். பெரும்பாலான திட்டங்கள் இந்த எண்ணைச் சுற்றித்தான் எழுதப்படுகின்றன.

இதில் மூன்று ஓட்டை இருக்கிறது. பதினைந்து லிட்டர் என்பது கன்று ஈன்ற முதல் இரண்டு மாதத்து உச்சம். முழுக் கறவைக் காலத்துக்கும் சராசரி எடுத்தால் அந்த மாடு பத்து லிட்டர் தந்தாலே நல்லது. அடுத்து, மாடு வருடம் முழுக்கக் கறக்காது. கறவைக் காலம் 305 நாள். சினை ஊசி ஒன்றிரண்டு முறை தவறிப் போவது சகஜம் என்பதால், ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் நடுவே பதினான்கு மாதம் ஆகிவிடும். ஆகவே பத்து மாட்டில் எந்த நாளிலும் சராசரியாக ஏழு மாடுதான், துல்லியமாகச் சொன்னால் 7.2, கறவையில் இருக்கும். மற்றவை வற்றி நின்று தீவனம் மட்டும் தின்னும். மூன்றாவது, விலை. சொசைட்டியோ தனியார் பால் நிறுவனமோ, கொழுப்பையும், கொழுப்பு தவிர்த்த மற்ற திடப்பொருளான எஸ்.என்.எஃப்-ஐயும் பார்த்துத்தான் காசு தருவார்கள். அறிவித்த விலை கைக்கு அப்படியே வராது. 35 ரூபாய் என்று வைப்போம்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டால், தினமும் 72 லிட்டர். வருடத்துக்கு 26,280 லிட்டர், வரவு சுமார் 9.2 லட்சம். முதல் கணக்கில் பாதிகூட இல்லை.

செலவுக்கு வருவோம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் நான்கு கிலோ, ஆக ஐந்தரை கிலோ அடர்தீவனம். கிலோ 30 ரூபாய் என்றால் 165. வைக்கோல் அல்லது சோளத்தட்டு 40 ரூபாய்க்கு. சொந்த நிலத்துப் பசுந்தீவனம் 25 கிலோ, வளர்க்கும் செலவை மட்டும் போட்டால் 38. ஆக ஒரு நாளைக்கு 243 ரூபாய். வற்றிய மாட்டுக்கு 140 ரூபாய் வரும். மொத்தக் கட்டுத்தறிக்கும் தினம் 2,100 ரூபாய்க்கு மேல், வருடத்துக்கு 7.8 லட்சம்.

மிச்சம் 1.4 லட்சம். மருத்துவம், மின்சாரம், காப்பீடு, கன்று வளர்ப்பு எல்லாம் இதற்குள்தான். கறவைக்கு ஆள் வைத்து மாதம் 15,000 கொடுத்தால் அதுவே 1.8 லட்சம். ஏழு லட்சம் கடன் வாங்கினால், 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை வருடத்துக்கு இன்னொரு 1.8 லட்சம். சாணம், காளைக்கன்று விற்ற காசு இந்தப் பள்ளத்தை மூடாது.

இதைத் தெரிந்துகொள்ள ஐம்பது பக்கம் தேவைப்படவில்லை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் போதும். தீவன விலையும் பால் விலையும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் விடையும் மாறலாம். ஏழு மாடு, பத்து லிட்டர் என்ற அடிப்படையை மட்டும் தளர்த்த வேண்டாம்.

எண்ணை விற்பவரிடமே கேட்பது

ஆய்வு என்றால் இணையத்தில் மாதிரி அறிக்கையைப் பார்த்து எழுதுவது என்று ஆகிவிட்டது. மாட்டின் பாலளவை விற்பவர் சொல்லிக் கேட்டால் அவர் சொல்வதுதான் கிடைக்கும். காட்டும் நாளுக்கு முந்தைய கறவையை விட்டுவிட்டு மடியைப் பெருக்கவைத்துக் காட்டுவது சந்தையில் பழைய வித்தை. அடுத்தடுத்து மூன்று வேளை உங்கள் கண் முன்னால் கறக்கச் சொல்லுங்கள். முதல் வேளைப் பால் அதிகமாகவும் அடுத்த இரண்டு வேளை சட்டென்று குறைந்தும் வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

பால் விலைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பால் அட்டைதான் சரியான ஆவணம். ஒரு வருடத்து அட்டையைப் பார்த்தால் எந்த மாதம் கொழுப்பு குறைகிறது, எஸ்.என்.எஃப் எப்போது அடிவாங்குகிறது, பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று எல்லாம் தெரியும். மழைக்காலத்தில் பசும்புல் அதிகமாகித் தட்டு குறைந்தால் கொழுப்பு இறங்கும். கோடையில் மாடு சரியாகத் தின்னாது, அப்போது எஸ்.என்.எஃப் இறங்கும். சராசரி விலை என்பது இந்த இறக்கங்களையும் சேர்த்துத்தான்.

தண்ணீரை டிசம்பரில் அளக்காதீர்கள். குடிக்கவும் கழுவவும் பத்து மாட்டுக்குத் தினம் ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். அது பெரிய விஷயம் இல்லை, தீவனப் பயிர்தான் தண்ணீரைக் குடிக்கும். கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஒரு ஏக்கர் நன்றாக வந்தால் பத்து மாட்டுக்கான வருடப் பசுந்தீவனம், அதாவது தொண்ணூறு டன், கிடைத்துவிடும். ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் போர்வெல் அரை மணி நேரத்தில் காற்றைக் கக்கினால் அந்த ஏக்கர் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். கோடையில் போர்வெல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரியாமல் எழுதிய ஆய்வு, ஆய்வே அல்ல.

எங்கே நிறுத்துவது என்று எழுதிவைக்காதது

ஆய்வு தொடங்கும் முன்பே இரண்டு மூன்று எல்லைகளைக் குறித்துவிட வேண்டும். உதாரணமாக, கையில் வரும் விலை 34-க்குக் கீழே என்றால் வேண்டாம். மே மாதத்தில் தினம் இரண்டு மணி நேரம் தண்ணீர் வராவிட்டால் வேண்டாம். இரவில் அழைத்தால் வரக்கூடிய கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் வேண்டாம். முன்கூட்டி எழுதவில்லை என்றால், தகவல் வந்தபின் ஆசை எல்லையை நகர்த்திக்கொண்டே போகும். ‘மானியம் வந்துவிடும்’ என்பதும் அப்படி ஒரு நகர்த்தல்தான். பல திட்டங்களில் மானியம் கடன் கணக்கில் பின்னால்தான் வரவு வைக்கப்படும். முதல் வருடத் தீவனத்துக்கு அது உதவாது. மானியம் இல்லாமல் நிற்காத பண்ணை மானியத்தோடும் ரொம்ப நாள் நிற்காது.

ஆய்வு மட்டுமே போதும் என்பது எப்போது

நம் பவானிக்காரர் கணக்கைப் பார்த்துவிட்டுப் பத்தை நான்காகக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கறப்பது வீட்டு ஆட்கள். புல் சொந்த நிலத்தில். பால் முழுக்க ஊர்ச் சொசைட்டிக்கு. இரண்டு மாடு இப்போது, இரண்டு ஆறு மாதம் கழித்து. அப்போதுதான் நான்கும் ஒன்றாக வற்றாது. கைப்பணம் கொஞ்சம், தீவனச் செலவுக்குக் கிசான் கிரெடிட் கார்டு. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கால்நடை வளர்ப்பும் இதில் அடக்கம்.

இவருக்கு வணிகத் திட்டம் எதற்கு? வாங்குபவர் ஒருவரே, விலை அவர் நிர்ணயிப்பது, விளம்பரம் இல்லை, கூட்டாளி இல்லை, சம்பள ஆள் இல்லை. திட்டத்தில் எழுத வேண்டிய பெரும்பாலான பகுதிகளுக்கு இவரிடம் பதிலே தேவைப்படாது. சொசைட்டி உறுப்பினராகப் பால் முழுவதையும் அங்கேயே ஊற்றுகிறவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டியதில்லை. ஆய்வுத் தாளின் பின்பக்கத்தில் மாதவாரியாகப் பண வரவையும் செலவையும் எழுதிவிட்டால் போதும்.

ஆய்வின் விடை ‘வேண்டாம்’ என்று வந்தாலும் ஆய்வோடு நிறுத்தலாம். இதை ஏனோ பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. வேண்டாம் என்று தெரிந்தபின் திட்டத்துக்குக் காசு கொடுப்பது, அந்த ‘வேண்டாம்’ என்பதை அழகாக எழுதி மறைப்பதற்குத்தான்.

எப்போது போதாது

அதே ஆள் பத்து மாடே வைத்து, சொசைட்டிக்கு ஊற்றும் பாலில் முப்பது லிட்டரை வீடுகளுக்கு லிட்டர் 50 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறார். கூடுதலாக 15 ரூபாய் வீதம் வருடத்துக்கு 1.64 லட்சம். பத்து மாட்டுக் கணக்கின் பள்ளத்தில் பெரும்பகுதியை மூடக்கூடிய தொகை. ஆனால் இப்போது கேள்விகள் மாறிவிட்டன. காலை ஐந்தரைக்கு யார் கொண்டுபோவது? மாடு வற்றும் மாதத்தில் அந்த முப்பது லிட்டர் எங்கிருந்து வரும்? தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களின் பால் என்ன ஆகும்? கடன் நிற்கும் வீடுகள் எத்தனை? பதிவு, பாத்திரம், பெட்ரோல், ஒரு ஆள். இதற்கு ஆய்வு பதில் சொல்லாது, எழுதிய திட்டம் வேண்டும்.

வங்கியில் பெரிய தவணைக் கடன் கேட்கும்போதும், இரண்டு பேர் பணம் போடும்போதும் அப்படித்தான். அண்ணன் தம்பியாக இருந்தாலும் யார் எவ்வளவு போடுகிறார்கள், மாடு செத்தால் நட்டம் யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தயிர், நெய், பன்னீர் என்று பதப்படுத்தப் போகிறவர், கால்நடை வளர்ப்பு உட்கட்டமைப்பு நிதியில் வட்டிச் சலுகைக் கடனுக்கு விண்ணப்பிக்கிறவர் விரிவான திட்ட அறிக்கை இல்லாமல் நகரவே முடியாது. அப்போதும் அந்த இரண்டு பக்கக் கணக்கை முதலில் நீங்களே போடுங்கள். ரிப்போர்ட் எழுதுபவரிடம் போகும்போது ஏழு மாடு, பத்து லிட்டர் என்ற எண்களை நீங்கள் கொடுங்கள். அவர் பழைய கோப்பிலிருந்து எடுத்துப் போட இடம் விட வேண்டாம்.