நாலு சதுர மீட்டர்தான் வெட்டலாம் என்றால் லைனிங் வாய்க்காலை எந்த அளவில் வெட்டுவது?

கான்கிரீட் லைனிங் போட்ட சரிவக வாய்க்கால் ஒன்றை வடிவமைக்க வேண்டும். தண்ணீர் ஓடும் குறுக்குவெட்டுப் பரப்பு 4 சதுர மீட்டர் என்று முடிவாகிவிட்டது. அதே நாலு சதுர மீட்டரை அகலமாக, ஆழமில்லாமல் வைக்கலாம், குறுகலாக ஆழமாகவும் வைக்கலாம். எதில் அதிகத் தண்ணீர் போகும்? கால்குலேட்டரும் ஒரு வரைபடத் தாளும் இருந்தால் போதும், சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.

முதல் படி: எதைக் குறைக்க வேண்டும் என்று பிடிப்பது

மேனிங் சூத்திரம் இதுதான்:

```
Q = (1/n) × A × R^(2/3) × S^(1/2)
R = A / P
```

Q என்பது வினாடிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர் போகும் என்பது, A தண்ணீர் ஓடும் குறுக்குவெட்டுப் பரப்பு, n சொரசொரப்பு எண், S வாய்க்காலின் நீளவாட்டுச் சாய்வு. A, n, S மூன்றும் நம் கணக்கில் மாறப்போவதில்லை. மிஞ்சுவது P மட்டும்தான், அதாவது நனைந்த சுற்றளவு: அடியிலும் இரண்டு பக்கச் சரிவிலும் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் நீளம். தண்ணீரைப் பிடித்து இழுப்பது அந்தத் தொடுகைதான், மேலே காற்றோடு இருக்கும் பரப்பு இழுப்பது மிகக் குறைவு, அதனால் அதைச் சேர்ப்பதில்லை. P குறையக் குறைய R கூடும், R கூடினால் Q கூடும். ஆக நம் கேள்வி சுருங்கிவிட்டது: 4 சதுர மீட்டரை எப்படி வளைத்தால் P குறைவாக வரும்?

இரண்டாம் படி: பக்கச் சரிவை முதலில் முடிவு செய்வது

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். பாடத்தில் "சிறந்த சரிவகம் அரை அறுகோணம், பக்கம் 60 பாகை" என்று படித்துவிட்டு, அதற்கான b = 1.155y என்ற விகிதத்தை எல்லா வாய்க்காலுக்கும் போட்டுவிடுவார்கள். அது சரிவையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்றால் மட்டுமே வரும் விடை. நிஜத்தில் சரிவை மண்தான் சொல்லும். 60 பாகையில் மண் தானாக நிற்காது, பின்னால் இருக்கும் மண்ணின் தள்ளலை லைனிங் தாங்க வேண்டியதாகிவிடும், மெல்லிய கான்கிரீட் பலகை அதற்குப் போதாது. போதாக்குறைக்கு, கான்கிரீட்டை ஊற்றும்போதே கீழே வழிந்து வரும். அதனால் சாதாரண மண்ணுக்கு ஏற்றபடி 1.5-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம்: ஒரு மீட்டர் உயர, ஒன்றரை மீட்டர் வெளியே போகும். இதை z = 1.5 என்று எழுதுவோம்.

மூன்றாம் படி: சூத்திரம்

ஆழம் y, அடி அகலம் b.

```
A = (b + z·y)·y
P = b + 2y·√(1+z²)
```

முதல் வரியிலிருந்து b = A/y − z·y. இதை இரண்டாம் வரியில் போட்டு, y-ஐப் பொறுத்து வகைக்கெழு எடுத்துச் சுழியத்துக்குச் சமன் செய்தால் வருவது:

```
A = y²·(2√(1+z²) − z)
b = 2y·(√(1+z²) − z)
```

அவ்வளவுதான். நம் எண்களைப் போடுவோம். √(1+2.25) = 1.803. அப்போது 4 = y² × 2.106, ஆக y = 1.38 மீட்டர். b = 2 × 1.38 × 0.303, அதாவது 0.83 மீட்டர். P = 5.80 மீட்டர், R = 0.689 மீட்டர்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சிறந்த விகிதத்தில் R எப்போதும் ஆழத்தில் சரிபாதியாக வரும், z எதுவாக இருந்தாலும் சரி. 1.38-இல் பாதி 0.69, வந்துவிட்டது. தாளில் பார்க்க விரும்பினால், வாய்க்காலை அளவுக்கு வரைந்து, தண்ணீர் மட்டத்தின் நடுப்புள்ளியில் காம்பஸ் முனையை ஊன்றி, ஆழத்தையே ஆரமாக வைத்து அரைவட்டம் போடுங்கள். அடியையும் இரண்டு சரிவையும் அது தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு போக வேண்டும். எங்காவது வெட்டிக்கொண்டு போனாலோ இடைவெளி விட்டாலோ, அளவு சிறந்தது இல்லை அல்லது கூட்டலில் பிழை.

இனி ஓட்டம். புதுக் கான்கிரீட்டுக்கு n = 0.015, சாய்வு 5 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது 0.0002. வேகம் வினாடிக்கு 0.736 மீட்டர், Q = 2.94 கனமீட்டர்.

நாலாம் படி: சிறந்த அளவிலிருந்து கொஞ்சம் நகர்ந்து பார்ப்பது

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். 83 சென்டிமீட்டர் அகல அடியை மனதில் கொண்டுவாருங்கள். கொத்தனார் மட்டக்கோலை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தால் திரும்ப இடமில்லை, இருபுறமும் சரிவு இடிக்கும். பின்னாளில் வண்டல் வாரும் மண்வெட்டிக்கும் அதே கதைதான்.

சரி, பரப்பை 4-லேயே வைத்து b-ஐ 1.5 மீட்டர் ஆக்குவோம். ஆழம் 1.21 மீட்டராகக் குறைகிறது, P 5.85 ஆகிறது, Q 2.925. அடி அகலம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியும் இழப்பு அரை சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுவதோடு நிற்கிறது! வெட்டும் ஆழமோ 17 சென்டிமீட்டர் மிச்சம். b-ஐ 3 மீட்டர் வரை கொண்டுபோனால் ஆழம் 0.91, Q 2.79, இழப்பு 5 சதவீதம். காரணம், P-யின் வளைகோடு அடிப்பக்கத்தில் தட்டு மாதிரி தட்டையாக இருக்கிறது, அந்தத் தட்டைக்குள் எங்கே நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் நான் 1.5-ஐத்தான் எடுப்பேன். தண்ணீர் மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் கரை விட்டு லைனிங் நீளத்தைக் கூட்டினாலும், 0.83 அகலத்துக்கு 7.61 மீட்டர், 1.5-க்கு 7.66 மீட்டர், ஐந்து சென்டிமீட்டர்தான் கூடுதல்.

பெரிய வாய்க்காலில் இந்த விகிதம் ஏன் காணப்படுவதில்லை

குஜராத்தின் நர்மதை பிரதான கால்வாய் தலைப்பில் வினாடிக்கு 1133 கனமீட்டர் எடுக்கிறது. அங்கே அடி அகலம் 73.1 மீட்டர், ஆழம் 7.6 மீட்டர். சரிவை 2-க்கு 1 என்று கொண்டால் பரப்பு சுமார் 671 சதுர மீட்டர். அதே பரப்புக்கு நம் சூத்திரம் சொல்வது ஆழம் 16.5 மீட்டர், அடி அகலம் 7.8 மீட்டர். பதினாறரை மீட்டர் ஆழத்துக்கு யார் வெட்டுவார்கள்? கீழே போகப் போக மண்ணைத் தூக்கிக் கொட்டும் செலவு ஏறும், பாறை குறுக்கிடலாம். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் இன்னொரு ஆபத்து: தண்ணீரை நிறுத்திக் கால்வாயைக் காலி செய்யும் நாளில் வெளியிலிருந்து தள்ளும் நீரழுத்தம் லைனிங் பலகைகளைத் தூக்கிவிடும். சூத்திரத்துக்கு இந்தச் செலவு எதுவும் தெரியாது, அதற்குத் தெரிந்தது நனைந்த சுற்றளவு மட்டும்.

கடைசியாக n-ஐ மாற்றி ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாம் எடுத்த 1.5 மீட்டர் வாய்க்காலில் பாசியும் வண்டலும் சேர்ந்து, இணைப்புகள் பெயர்ந்து, n 0.018 ஆகிவிட்டால், அதே ஆழத்தில் Q 2.925-இலிருந்து 2.44-க்கு இறங்கிவிடும், ஆறில் ஒரு பங்கு போச்சு. வடிவத்தை அச்சுப் பிசகாமல் வைத்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது 0.02 கனமீட்டர். அதனால் வடிவமைக்கும்போதே ஒருமுறை 0.018 போட்டு, அப்போதும் தேவையான தண்ணீர் போகிறதா என்று பார்த்து, போகவில்லை என்றால் A-ஐக் கூட்டிக்கொண்டு மூன்றாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.